வித்தியாசம் ஒன்பதால் வகுபட்டால்…

ஒரு ஹார்டுவேர் கடையின் மாதக் கணக்கு இது. பேரேட்டின்படி வங்கி இருப்பு 1,84,259 ரூபாய், ஸ்டேட்மென்ட்டில் 1,96,430. முதலில் நியாயமான வித்தியாசங்களைக் கழித்துவிட வேண்டும். கொடுத்தும் இன்னும் பாஸாகாத செக் ஒன்று 12,500. அதைக் கழித்தால் வங்கிப் பக்கம் 1,83,930. வங்கி பிடித்த கட்டணம் 59 நம் புத்தகத்தில் ஏறவில்லை. அதைக் கழித்தால் நம் பக்கம் 1,84,200. மிச்சம் இடிப்பது 270. இந்த வேலையை முடிக்காமல் ஒன்பதால் வகுத்துப் பார்ப்பது வீண்.

270-ன் இலக்கங்களைக் கூட்டினால் 9 வருகிறது. ஆகவே ஒன்பதால் மீதியின்றி வகுபடும். பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறினால் இப்படித்தான் ஆகும். 63-ஐ 36 என்று எழுதினால், ஆறு பத்திலிருந்து ஒன்றுக்கு இறங்கி 54-ஐ இழக்கிறது; மூன்று ஒன்றிலிருந்து பத்துக்கு ஏறி 27-ஐப் பெறுகிறது. நிகர வித்தியாசம் 27, அதாவது இலக்கங்களின் வித்தியாசமான மூன்றின் ஒன்பது மடங்கு. இதே தவறு பத்து, நூறு இடங்களில் நடந்தால் 270.

ஆக, 270-ஐ ஒன்பதால் வகுத்து வரும் 30 இரண்டு சேதிகளைச் சொல்கிறது. மாறியவை பத்தும் நூறும். அவற்றின் வித்தியாசம் மூன்று. நம் இருப்பு அதிகமாகக் காட்டுவதால், செலவு குறைத்தோ வரவு கூட்டியோ எழுதப்பட்டிருக்கிறது. செலவுப் பக்கத்தில் நூறாம் இடத்தைவிடப் பத்தாம் இடம் மூன்று அதிகமான தொகைகளை மட்டும் பார்த்தால் போதும்: 03, 14, 25, 36 என்று 69 வரை ஏழே ஜோடிகள். நூறு என்ட்ரி இருந்தால் சுமார் ஏழுதான் தேறும். பெயின்ட் சப்ளையருக்குக் கொடுத்த செக் 7,360 என்று எழுதியிருந்தது. செக் அடிக்கட்டையிலும் ஸ்டேட்மென்ட்டிலும் 7,630.

கிடைக்காவிட்டால் அதே 30 இன்னொரு சந்தேகத்தையும் கிளப்புகிறது. 300 ரூபாய்ச் செலவைப் பூஜ்யம் விட்டு 30 என்று எழுதினாலும், 30 ரூபாய் வரவை 300 ஆக்கினாலும் இதே 270 வரும். இப்படி ஓர் இடம் நகர்ந்த பிழையில் வகுத்து வரும் ஈவே அந்தச் சின்னத் தொகை.

இந்தச் சோதனையை முழுதாக நம்பிவிடவும் கூடாது. எந்த வித்தியாசமும் தற்செயலாகவே ஒன்பதால் வகுபட ஒன்பதில் ஒரு வாய்ப்பு உண்டு. 270 ரூபாய்ச் செலவு ஒன்று எழுதாமலே விடுபட்டிருக்கலாம். 135 ரூபாய்ச் செலவு ஒன்று வரவில் ஏறி இரட்டிப்பாகியிருக்கலாம். இந்த இரண்டு தொகைகளையும் முதலிலேயே தேடிவிடுவது நல்லது, ஐந்து நிமிட வேலை. இரண்டு இடமாற்றங்கள் சேர்ந்தாலோ மொத்தம் ஒன்பதால் வகுபடும், ஆனால் ஈவு எந்த இடத்தையும் சரியாகக் காட்டாது. அப்போது வரிக்கு வரி டிக் அடித்துத்தான் ஒப்பிட வேண்டும்.