யாருக்குத் தெரிவிப்பது?

ஒரு ஜவுளிக்கடை ஊழியர், வாடிக்கையாளர்களின் பெயரும் கைபேசி எண்ணும் அடங்கிய எக்செல் கோப்பைத் தவறுதலாக வெளியாள் ஒருவருக்கு மின்னஞ்சலில் அனுப்பிவிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். கடையின் பாதுகாப்புக் கொள்கையில் ஒரு வரி இருக்கிறது: ‘தகவல் களவு போனால் 24 மணி நேரத்துக்குள் ஐடி மேலாளரிடம் தெரிவிக்கவும்.’

2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கு இந்த வரி போதுமா? சட்டத்துக்கான விதிகள் நவம்பர் 2025-இல் வெளிவந்தன. நிறுவனங்களின் முக்கியக் கடமைகள் அதிலிருந்து 18 மாதம் கழித்து அமலுக்கு வருகின்றன. ஒப்பிட்டுப் பார்க்க அவகாசம் அவ்வளவுதான்.

ஒப்பிடும்போது கொள்கையைக் கையில் எடுத்துக்கொண்டு சட்டத்தில் அதற்கு இடம் தேடக் கூடாது. அப்படித் தேடினால் நாம் எழுதாமல் விட்டது கண்ணிலேயே படாது. சட்டத்தின் வாக்கியத்தைத்தான் முதலில் உடைக்க வேண்டும். ஒரு கடமைக்கு ஒரு வரிசை. எதிரே நம் கொள்கையின் வரி. அதற்கும் எதிரே, யார் எப்படிச் செய்கிறார் என்பதற்கான சான்று.

முதல் வரிசையிலேயே இடறுகிறது. கடையின் கொள்கை களவைப் பற்றி மட்டும் பேசுகிறது. சட்டமோ தவறுதலாக வெளியிடுவதையும், தரவை எடுக்க முடியாமல் போவதையும்கூட மீறலாகக் கருதுகிறது. ஆகவே அந்த மின்னஞ்சலும் மீறல்தான். இரண்டாவது, யாருக்கு என்பது. தரவுப் பாதுகாப்பு வாரியத்துக்கும், பாதிக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் தாமதமின்றித் தெரிவிக்க வேண்டும் என்கிறது சட்டம். கொள்கையில் இருவருமே இல்லை.

மூன்றாவது, நேரம். மீறலை அறிந்த 72 மணி நேரத்துக்குள் வாரியத்துக்கு விரிவான அறிக்கை போக வேண்டும். ஊழியர் அறிந்ததையே நிறுவனம் அறிந்ததாகக் கொண்டால், ஐடி மேலாளருக்குச் சொல்வதற்கே மூன்றில் ஒரு பங்கு கரைந்துவிடும். வரிசையில் ‘பாதி உண்டு’ என்று குறிப்பவர்கள் இந்தக் கணக்கைப் போடுவதில்லை.

என் பார்வையில் அதிகம் தவறவிடப்படுவது மூன்றாம் கட்டம், சான்று. ‘வாடிக்கையாளர்களுக்குத் தெரிவிப்போம்’ என்று கொள்கையில் புதிதாக ஒரு வரி சேர்த்ததும் பலர் அந்த வரிசைக்குப் பச்சை அடித்துவிடுகிறார்கள். குறுஞ்செய்தியை எழுதுவது யார், ஒப்புதல் தருவது யார், என்ன விளைவு வரலாம், அவர் எப்படித் தற்காத்துக்கொள்வது, யாரைக் கேட்பது என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டுமே, அந்த வாசகம் தயாரா? கணினியே முடங்கினால் கைபேசி எண்கள் எங்கிருந்து கிடைக்கும்? இதற்குப் பதில் இல்லாவிட்டால் கொள்கை இருந்தும் நடைமுறை இல்லை, வரிசையில் சிவப்புதான்.

தெரிவிக்கத் தவறினால் அபராதம் 200 கோடி ரூபாய் வரை போகலாம். பட்டியல் முடிந்ததும் ஒரு சனிக்கிழமை மாலை, ‘கோப்பு வெளியே போய்விட்டது’ என்று ஒத்திகைக்காகக் கணக்குப் பிரிவைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். அவர்கள் அடுத்து யாருக்கு போன் செய்கிறார்கள் என்று பாருங்கள்.