தேயிலைப் பக்கெட்டும் அதன் படமும்

காசு கொடுத்து வாங்கிய பொருள் வாங்கியவருக்குச் சொந்தம். ஆனால் அதன் படம் சொந்தமாகிவிடாது. லிந்துலையில் மொத்த வியாபாரியிடம் தேயிலைத் தூள் பக்கெட்டுகளை எடுத்து இணையச் சந்தையில் விற்கத் தொடங்கும் ஒருவர் முதலில் இடறக்கூடிய இடம் இதுதான். வியாபாரி வட்ஸ்அப்பில் பத்துப் படங்களை அனுப்பி, "இதையே போட்டுக்கொள்ளுங்க தம்பி" என்பார். அவர் மனதாரச் சொன்னாலும் அந்தச் சொல் போதாது.

இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, எடுக்கப்பட்ட கணத்திலேயே படத்துக்குப் பதிப்புரிமை வந்துவிடுகிறது. பதிவு செய்யத் தேவையில்லை, படத்தின் மேல் எந்தக் குறியும் இருக்க வேண்டியதில்லை. எடுத்தவரின் ஆயுட்காலமும் அதற்குப் பின் 70 ஆண்டுகளும் அந்த உரிமை நிலைக்கும். ஒருவர் பணித்து எடுக்கப்பட்ட படமென்றால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, வணிக உரிமை பணித்தவருக்கே. ஆகவே ஸ்டூடியோக்காரரை வரவழைத்துப் படமெடுத்த வியாபாரி அதைப் பிறருக்குக் கொடுக்கலாம். கொழும்பில் பக்கெட் போடும் கம்பெனியின் தளத்திலிருந்து படத்தை இறக்கி வைத்திருக்கும் வியாபாரியிடம் கொடுப்பதற்கு உரிமையே இல்லை.

இரண்டில் எது என்பதைப் படமே பெரும்பாலும் காட்டிக்கொடுக்கும். இறக்கிய படமென்றால், கூகுள் லென்ஸில் போடும்போது அதே படம் வேறு கம்பெனியின் பக்கத்தில் வரும். ஓரம் வெட்டப்பட்டிருக்கும், மூலையில் அழித்த எழுத்தின் மங்கல் தெரியும். "மூலக் கோப்பை அனுப்புங்கள்" என்று கேட்டால் வியாபாரியிடம் அது இருக்காது.

உரிமை உள்ளவரின் அனுமதியும் எழுத்தில், இரு தரப்பின் கையொப்பத்துடன் இருக்க வேண்டும் என்பது சட்டம். நீண்ட பத்திரம் வேண்டாம். "இணைப்பில் உள்ள 10 படங்களும் எங்களுக்காக எடுக்கப்பட்டவை, இவற்றை இன்னார் இன்னின்ன தளங்களில், எங்கள் பொருளை விற்கும் காலம்வரை பயன்படுத்தலாம், வெட்டி, அளவு மாற்றிக்கொள்ளலாம்" என்ற மூன்று வரிகளும் திகதியும் போதும். படங்களைச் சிறிதாக அச்சிட்டு அதே தாளில் ஒட்டிவைத்தால், எந்தப் படம் என்ற சண்டை பின்னால் வராது.

சேமிப்புத் தளங்களில் விலைக்கோ இலவசமாகவோ கிடைக்கும் படங்களில் வேறொரு சிக்கல் இருக்கிறது. கூடை சுமந்து கொழுந்து பறிக்கும் பெண்ணின் படம் தேயிலை விற்பவர் கண்ணில் முதலில் படும். அதன் அடியில் "Editorial use only" என்றிருந்தால் செய்திக்கும் கட்டுரைக்கும் மட்டுமே உதவும், விற்பனைக்கு உதவாது. படத்தில் இருப்பவரிடம் விளம்பரத்துக்கான சம்மதம் எழுதி வாங்கப்படாதது பெரும்பாலும் அதற்குக் காரணம். காசு கட்டி வாங்கினாலும் இந்தத் தடை நீங்காது. பதிப்புரிமை படம் எடுத்தவருக்கு உரியது. முகம் அந்தப் பெண்ணுக்கு உரியது. தன் உழைப்பின் முகம் யாரோ ஒருவரின் பக்கெட்டில் விலைபோவதை அவர் அறியாமலே இருப்பது நியாயமன்று. தோட்டத்தில் சொந்தமாகப் படமெடுப்பவரும் படத்தில் வருபவரிடம் கேட்டு, அவர் வாசிக்கும் மொழியில் கையொப்பம் பெறவேண்டும்.

பதிப்புரிமை சரியாக இருந்தும் சந்தை படத்தை நீக்கலாம், ஏனெனில் சந்தையின் விதி வேறு. அமேசானில் முதன்மைப் படத்தின் பின்னணி தூய வெள்ளையாக (RGB 255, 255, 255) இருக்க வேண்டும். பொருள் சட்டகத்தில் 85 வீதத்தை நிரப்ப வேண்டும். மேலே எழுத்து, நீர்க்குறி கூடாது. எட்சியோ சேமிப்புப் படங்களையும் பிற விற்பனையாளரின் படங்களையும் ஏற்பதில்லை, விற்பவரே எடுத்தது வேண்டும் என்கிறது. அங்கே வியாபாரியின் அனுமதிக் கடிதம் பயன்படாது.

சிங்க இலச்சினையையும் கவனிக்க வேண்டும். அது இலங்கைத் தேயிலைச் சபைக்குச் சொந்தமான வணிகக் குறி. இலங்கையிலேயே பொதியிட்ட 100 வீதம் சிலோன் தேயிலைக்கு, சபையின் அனுமதியுடன்தான் இடலாம். உதிரித் தூளை வாங்கித் தானே பக்கெட் போடுபவர், வியாபாரியின் பழைய படத்தில் சிங்கம் இருப்பதைக் கவனிக்காமல் ஏற்றினால் இன்னொரு உரிமையையும் மீறியவராவார்.

முறைப்பாடு வந்துவிட்டால் முதலில் பார்க்க வேண்டியது எந்தப் படம், யார் முறையிட்டது என்பது. படம் உண்மையில் பிறருடையதென்றால் உடனே எடுத்துவிட்டு, முறையிட்டவருக்கு எழுதி, முறைப்பாட்டை மீளப்பெறும்படி கேட்பதே நல்லது. விடயம் இலங்கை நீதிமன்றத்துக்குப் போய், வேண்டுமென்றே மீறியதாக நீதவான் தீர்த்தால் 6 மாதம்வரை சிறையோ, 5 இலட்சம் ரூபாவரை தண்டமோ, இரண்டுமோ விதிக்கலாம். படம் தன்னுடையதே என்றால் எதிர் அறிவித்தல் கொடுக்கலாம். அமெரிக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் தளம், முறையிட்டவர் வழக்குத் தொடராவிட்டால், 10 முதல் 14 வேலை நாட்களில் படத்தை மீண்டும் போடும். ஆனால் எதிர் அறிவித்தலில் கையொப்பமிடுவது அமெரிக்க நீதிமன்றத்தின் அதிகாரத்தை ஏற்பதுமாகும். பொய் சொன்னால் குற்றம்.

தன் படத்தை மற்றவர் எடுத்துக்கொண்டாலும் இதே முறைப்பாட்டு வழி திறந்திருக்கிறது. கொழும்பிலுள்ள தேசிய புலமைச் சொத்து அலுவலகத்திடமும் விசாரணை கோரலாம். அதற்கு வெட்டாத மூலக் கோப்பு வேண்டும். வட்ஸ்அப் வழியாகப் படமாக அனுப்பினால் எடுத்த திகதியும் கமராத் தகவலும் கழன்றுவிடும். ஜன்னலோரம் வெள்ளைத் தாளை வளைத்து நிறுத்தி, பக்கெட்டை வைத்துக் கைபேசியில் எடுக்கும் படமானாலும், கைபேசியில் இருக்கும் அந்த முதல் கோப்பே சாட்சி.