ஓட்டை விழுந்த தொட்டி எப்போது காலியாகும்?

மொட்டைமாடியில் ஒரு சதுரத் தொட்டி. அடிப்பரப்பு 1 சதுர மீட்டர், தண்ணீர் 1 மீட்டர் உயரம். அதாவது 1000 லிட்டர். அடித்தளத்தில் 1 செ.மீ. விட்டத்தில் ஓர் ஓட்டை. மோட்டார் ஓடவில்லை, குழாய்கள் எல்லாம் மூடியிருக்கின்றன. தொடக்கத்தில் நிமிடத்துக்குச் சுமார் 12½ லிட்டர் வெளியேறுகிறது. இதே கதியில் போனால் 80 நிமிடத்தில் தொட்டி காலியாகிவிட வேண்டும். ஆனால் அப்போது ஏறிப் பார்த்தால் இன்னும் 250 லிட்டர் இருக்கும்.

மட்டம் இறங்க இறங்க ஓட்டையின் மேல் அழுத்தம் குறைகிறது. தண்ணீர் பீறிடும் வேகமும் குறைகிறது. கலிலியோவின் கடைசி மாதங்களில் உடனிருந்த டாரிசெல்லி, 1644இல் வெளியிட்ட நூலில் இந்த வேகத்துக்கு விதி சொன்னார்: h உயரத்திலிருந்து விழும் பொருள் தரையைத் தொடும்போது பெறும் வேகமே இதுவும். அது √(2gh).

தொட்டியின் பரப்பு A, ஓட்டையின் பரப்பு a என்போம். மேலே மட்டம் இறங்குவதால் குறையும் தண்ணீரும் கீழே வெளியேறும் தண்ணீரும் ஒன்றே. எனவே,

A × dh/dt = −C a √(2gh)

கூரான விளிம்புள்ள ஓட்டையில் தண்ணீர்த் தாரை சற்றுச் சுருங்கி வருவதால் C என்ற திருத்தம் தேவைப்படுகிறது. அது ஏறத்தாழ 0.6. இருபுறமும் √h ஆல் வகுத்துத் தொகையிட்டால், தொடக்க உயரம் H எனில்,

√h = √H − (C a/A) √(g/2) t

மட்டம் சீராக இறங்குவதில்லை. அதன் வர்க்கமூலம்தான் சீராக இறங்குகிறது. h = 0 என்று போட்டால் காலியாகும் நேரம் கிடைக்கும்:

T = (A/C a) √(2H/g)

நம் தொட்டிக்கு இது சுமார் 160 நிமிடம்; முதலில் போட்ட மனக்கணக்கைப் போல் சரியாக இரு மடங்கு. 16 நிமிடத்துக்கு ஒருமுறை குச்சியால் அளந்தால் 100, 81, 64, 49, 36 செ.மீ. என்று வரும். இறக்கம் 19, 17, 15, 13 என ஒற்றைப்படை எண்களாகக் குறைந்துகொண்டே போகும்.

ஓட்டையின் அளவு தெரியாவிட்டாலும் இரண்டு அளவீடுகள் போதும். 100 செ.மீ. 81 ஆக 16 நிமிடம் பிடித்தால், வர்க்கமூலம் 10இலிருந்து 9 ஆகியிருக்கிறது. மீதி 9 குறைய 144 நிமிடம். நேர்ச்சுவர் உள்ள, மூடி வழியாகக் காற்று புகும் தொட்டிக்கே இந்தக் கணக்கு செல்லும். ஓட்டை பக்கச்சுவரில் இருந்தால் உயரத்தை அதன் மட்டத்திலிருந்து அளக்க வேண்டும். கடைசிச் சில சென்டிமீட்டரில் சுழி விழுந்து காற்றும் கலந்து இறங்கும். அங்கே கணக்கு பிசகும்.

இந்த அளவீடுகள் கசிவு எங்கே என்றும் காட்டிக்கொடுக்கும். இறக்கம் மேலே சொன்னபடி தளர்ந்துகொண்டே போனால் ஓட்டை தொட்டியின் அடியில். கிட்டத்தட்ட ஒரே கதியில் இறங்கினால் பழுது கீழே வீட்டுக் குழாயில் இருக்க வாய்ப்பு அதிகம். ஏழெட்டு மீட்டர் கீழே உள்ள கசிவுக்குத் தொட்டியில் அரை மீட்டர் குறைவது பெரிய மாற்றமல்ல. பிளம்பரை மாடிக்கு அனுப்புவதா, சுவரை உடைக்கச் சொல்வதா என்பதை அதை வைத்தே முடிவு செய்யலாம்.