பிரீமியத்தைப் பிரித்துப் பார்த்தால்

நிஃப்டி ஏறும் என்று நம்பி ஒருவர் கால் ஆப்ஷன் வாங்குகிறார். நிஃப்டியும் 150 புள்ளி ஏறிவிடுகிறது. ஆனால் அவர் போட்ட பணத்தில் பாதிக்கு மேல் காணாமல் போயிருக்கிறது. புதிதாக ஆப்ஷன் வாங்குகிறவர்கள் அதிகம் குழம்பும் இடம் இதுதான். விடை, அவர் கொடுத்த பிரீமியத்துக்குள்ளேயே இருக்கிறது.

நிஃப்டி இப்போது 24,000 என்று வைத்துக்கொள்வோம். எக்ஸ்பைரிக்கு இன்னும் ஏழு நாள். 23,800 ஸ்ட்ரைக் கொண்ட கால் ஆப்ஷனின் பிரீமியம் 290 ரூபாய். குறியீட்டை 23,800-க்கு வாங்குவதற்குச் சமமான உரிமை இது. இந்த நொடியே கணக்கு தீர்த்தாலும் 200 ரூபாய் தேறும். அந்த 200தான் உள்ளார்ந்த மதிப்பு. மீதி 90 ரூபாய் கால மதிப்பு. அடுத்த ஏழு நாளில் நிஃப்டி இன்னும் மேலே போகக்கூடும் என்பதற்கும், கீழே விழுந்தால் பிரீமியத்துக்கு மேல் ஒரு பைசாவும் நஷ்டம் வராது என்பதற்கும் சேர்த்துக் கொடுக்கும் விலை அது.

புட் ஆப்ஷனில் கணக்கு தலைகீழ். ஸ்ட்ரைக் விலையிலிருந்து சந்தை விலையைக் கழிக்க வேண்டும். கழித்து வருவது பூஜ்யத்துக்குக் கீழே போனால், உள்ளார்ந்த மதிப்பு பூஜ்யம்தான். உரிமையைப் பயன்படுத்தியே ஆகவேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்த முடியாது அல்லவா?

இதே நாளில் 24,200 கால் ஆப்ஷனும் ஏறக்குறைய 90 ரூபாய்க்குக் கிடைக்கும். ஆனால் அதில் உள்ளார்ந்த மதிப்பு எதுவும் இல்லை. 90-ம் கால மதிப்பு. சந்தை விலையை ஒட்டிய 24,000 கால் ஆப்ஷன் சுமார் 173 ரூபாய், அதுவும் முழுக்கக் கால மதிப்பே. (ஆண்டுக்கு 13% ஏற்ற இறக்கம் என்று கொண்டு, வட்டியை ஒதுக்கிவிட்டுப் போட்ட கணக்கு இது.) நடு ஸ்ட்ரைக்கில் கால மதிப்பு ஏன் உச்சத்தில் நிற்கிறது? ஆப்ஷன் காசாகுமா ஆகாதா என்ற சந்தேகம் அங்கேதான் மிக அதிகம். ஸ்ட்ரைக் விலை சந்தை விலையை விட்டு எந்தப் பக்கம் விலகினாலும் முடிவு ஓரளவு தெரியத் தொடங்குகிறது. கால மதிப்பும் சுருங்குகிறது.

நம் முதலீட்டாளர் வாங்கியது, மலிவாகத் தெரிந்த அந்த 24,200 ஸ்ட்ரைக்கைத்தான். ஆறு நாள் கழித்து நிஃப்டி 24,150. ஏற்ற இறக்க எதிர்பார்ப்பு மாறவில்லை என்றால், ஒரு நாளே மீதமிருக்கும் அந்த ஆப்ஷனின் விலை சுமார் 43 ரூபாய். மறுநாள் அதே 24,150-இல் எக்ஸ்பைரி ஆனால் பூஜ்யம். போட்ட 90 ரூபாய் மட்டும் திரும்பி வருவதற்கே நிஃப்டி 24,290-இல் முடிந்திருக்க வேண்டும். திசையை அவர் சரியாகத்தான் கணித்தார். தூரமும் நேரமும் போதவில்லை.

கால மதிப்பு தினமும் ஒரே அளவில் கரைவதில்லை. நிஃப்டி 24,000-லேயே அசையாமல் நின்றால், 24,000 ஸ்ட்ரைக்கின் கால மதிப்பு முப்பது நாள் மிச்சமிருக்கும்போது சுமார் 358 ரூபாய். பதினைந்து நாளில் 253. ஏழு நாளில் 173. கடைசி நாளில் 65. முதல் பதினைந்து நாளில் போவது 105 ரூபாய், கடைசி ஒரே நாளில் போவது 65. விலை நகரக்கூடிய தூரம் நாட்களின் எண்ணிக்கைக்கு ஏற்ப அல்ல, அதன் வர்க்கமூலத்துக்கு ஏற்பக் கூடுவதே காரணம். வாராந்திர ஆப்ஷன் வாங்குகிறவர், கரைவது வேகமெடுக்கும் கட்டத்தில்தான் உள்ளே நுழைகிறார்.

நாள் கழியாமலேயே கால மதிப்பு சரிவதும் உண்டு. 2024 மக்களவைத் தேர்தல் முடிவு வந்த ஜூன் 4 அன்று நிஃப்டி கிட்டத்தட்ட 6% விழுந்தது. மறுநாள் 3%-க்கு மேல் மீண்டது. அதே மறுநாளில், சந்தை எதிர்பார்க்கும் ஏற்ற இறக்கத்தை அளக்கும் இந்தியா விக்ஸ் தடாலென்று இறங்கியது. முடிவு தெரிந்தபின் பயத்துக்கு யாரும் விலை கொடுப்பதில்லை. தேர்தல், பட்ஜெட், நிறுவனங்களின் காலாண்டு முடிவு ஆகியவற்றுக்கு முந்தைய நாள் ஆப்ஷன் வாங்குகிறவர்கள், ஊதிப்போன கால மதிப்பையே வாங்குகிறார்கள்.

ஆப்ஷன் செயினைத் திறந்து நீங்களே கழித்துப் பார்க்கும்போது ஒரு விசித்திரம் கண்ணில் படலாம்: சந்தை விலைக்கு வெகு மேலே இருக்கும் புட் ஆப்ஷனில் கால மதிப்பு மைனஸில் தெரியும். நிஃப்டி ஆப்ஷனை எக்ஸ்பைரிக்கு முன் பயன்படுத்த முடியாது என்பதால், சந்தை அதை இன்றைய குறியீட்டோடு ஒப்பிடாமல், வட்டி சேர்ந்து வழக்கமாகச் சற்றே உயர்ந்து நிற்கும் எதிர்கால விலையோடு ஒப்பிடுகிறது. அதே எக்ஸ்பைரியின் பியூச்சர்ஸ் விலையை வைத்துக் கழித்தால் மைனஸ் பெரும்பாலும் மறைந்துவிடும். மறையாவிட்டால், திரையில் தெரிவது எப்போதோ நடந்த கடைசி வர்த்தகத்தின் விலையாக இருக்கலாம். அப்போது இப்போதைய வாங்கும் விலையையும் விற்கும் விலையையும் வைத்துத்தான் கணக்கிட வேண்டும்.