நடு ஆண்டில் தொழில் மாறினால் வரிக் கணக்கு என்னாகும்?

சென்ற மாதம் அக்குறணையைச் சேர்ந்த ஓர் இளைஞர் இரண்டு கடதாசிகளுடன் என்னிடம் வந்தார். "நானா, ரெண்டு இடத்திலும் சம்பளத்தில வரி வெட்டிட்டாங்க. இனி நான் தனியாகவும் கட்டணுமா?" என்று கேட்டார். கணக்கைப் போட்டுப் பார்த்தபோது கதை வேறாக இருந்தது. அவர் கட்ட வேண்டியது ஒன்றுமில்லை. அவருக்குத்தான் பணம் திரும்பி வர வேண்டியிருந்தது.

பழைய 'பே' வரி 2020 ஜனவரியில் நீக்கப்பட்டது நினைவிருக்கும். அதன் இடத்துக்கு வந்த முற்பண தனிநபர் வருமான வரி, அதாவது நாம் 'எபிட்' என்பது, 2023 ஜனவரியிலிருந்து கட்டாயமாக்கப்பட்டது. 2025/26 வரி ஆண்டுக்கு, அதாவது 2025 ஏப்ரல் 1 முதல் 2026 மார்ச் 31 வரைக்கும், ஒருவருக்கு 18 இலட்சம் ரூபா நிவாரணம் உண்டு. அதற்கு மேல் வரும் முதல் 10 இலட்சத்துக்கு 6 வீதம், அடுத்த 5 இலட்சத்துக்கு 18 வீதம் என வரி ஏறிக்கொண்டே போய், கடைசியில் 36 வீதத்தைத் தொடும்.

முதலாளி இதை 12 ஆகப் பிரித்தே வெட்டுகிறார். மாதம் 150,000 ரூபாவுக்கு வரியில்லை, அடுத்த 83,333 ரூபாவுக்கு 6 வீதம், அதற்கடுத்த பகுதிக்கு 18 வீதம். ஒவ்வொரு மாதமும் தனித்தனியாகவே பார்க்கப்படுகிறது. சிக்கல் பிறப்பது இங்கேதான்.

நமது இளைஞர் ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை கண்டி நகரில் ஒரு கடையில் 170,000 ரூபா சம்பளம் பெற்றார். நிவாரணம் போக மீதி 20,000. அதற்கு 6 வீதம் 1,200 ரூபா. ஐந்து மாதத்துக்கு 6,000 வெட்டப்பட்டது. செப்டெம்பரிலிருந்து வேறொரு நிறுவனத்தில் 260,000 ரூபா. நிவாரணம் போக மீதி 110,000. அதில் 83,333 ரூபாவுக்கு 5,000, எஞ்சிய 26,667 ரூபாவுக்கு 18 வீதப்படி 4,800. மாதம் 9,800 வீதம் ஏழு மாதத்துக்கு 68,600. இரண்டு இடத்திலும் மொத்தம் 74,600 ரூபா போயிருக்கிறது.

இனி ஆண்டு முழுவதையும் ஒன்றாக வைத்துப் பாருங்கள். முதல் இடத்தில் 850,000, இரண்டாவதில் 1,820,000, கூட்டினால் 2,670,000. 18 இலட்சத்தைக் கழித்தால் 870,000. அது 10 இலட்சத்தைத் தாண்டவில்லை. ஆகவே முழுத் தொகைக்கும் 6 வீதமே. வரி 52,200 ரூபா. கூடுதலாகச் சென்றது 22,400.

ஏன் இப்படி? முதல் ஐந்து மாதங்களில் 6 வீதப் படியில் பெரும் பகுதி பயன்படாமல் கிடந்தது. பிந்திய ஏழு மாதங்களில் மாதம் 26,667 ரூபா 18 வீதப் படிக்கு ஏறிவிட்டது. அந்த 12 வீத வித்தியாசமே இந்த 22,400. இரண்டு முதலாளிகளும் தவறு செய்யவில்லை. மற்றவர் கொடுத்த சம்பளம் அவர்களுக்குத் தெரியாது, அவ்வளவுதான். இரு இடத்திலும் ஒரே சம்பளமாக இருந்திருந்தால் வித்தியாசமே வந்திராது. இடையில் ஓரிரு மாதம் வேலையின்றி இருந்திருந்தால் அம்மாதங்களின் நிவாரணமும் வீணாகி, திரும்பப் பெற வேண்டிய தொகை இன்னும் கூடியிருக்கும்.

இதற்கு நேர்மாறும் உண்டு. ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் சம்பளம் பெறுபவர், எது தனது பிரதான தொழில் என்று அறிவிக்காமல் விட்டால், இருவருமே அவருக்கு நிவாரணம் கொடுத்துவிடுவார்கள். ஆண்டு முழுவதும் இரு இடத்திலும் மாதம் 150,000 வாங்குபவருக்கு எங்குமே ஒரு சதம் வெட்டப்படாது. ஆனால் ஆண்டு வருமானம் 36 இலட்சம். வரி 222,000 ரூபா. 2025/26 இற்கு அதை 2026 செப்டெம்பர் 30 இற்குள் அவரே கட்ட வேண்டும்.

கூடுதலாக வெட்டப்பட்டது தானாகத் திரும்பி வராது. வருமான விபரத்திரட்டில் இரு தொழிலையும் தனித்தனியாகப் பதிந்து கேட்க வேண்டும். 2025/26 இற்குரிய கடைசித் திகதி 2026 நவம்பர் 30. வரி செலுத்துநர் இலக்கம் எடுத்திருந்தால் இணையத்திலேயே அனுப்பலாம்; முடியாதவர்கள் கண்டியிலுள்ள உள்நாட்டு இறைவரித் திணைக்கள அலுவலகத்தில் விசாரிக்கலாம். பதியும்போது கைக்கு வந்த தொகையைப் போடாதீர்கள். ஊழியர் சேமலாப நிதிக்கு 8 வீதம் கழிக்க முன்னுள்ள மொத்தச் சம்பளமே கணக்கு.

இதற்கெல்லாம் ஆதாரம் டீ 10 எனும் சான்றிதழ். எவ்வளவு சம்பளம், எவ்வளவு வரி என்று முதலாளி எழுதிக் கொடுப்பது அது. இளைஞர் கொண்டுவந்த கடதாசிகளில் ஒன்றுதான் டீ 10. மற்றது வெறும் சம்பளச் சிட்டை. பழைய கடைக்கு மூன்று தடவை நடந்த பிறகே அங்கிருந்து சான்றிதழ் கிடைத்தது. ஊழியர் வைத்திருக்கும் நம் வியாபாரிகள், ஒருவர் விலகும்போது கடைசிச் சம்பளத்தோடு அதையும் கையில் கொடுத்துவிட்டால் அவருக்கு அந்த அலைச்சல் இராது.