நாள் தள்ளிப்போகும் முன்பே தொடங்கும் ஆபத்து

பொட்டிபுரம், தேவாரம், போடி பக்கத்துக் கிராமங்களில் விடிவதற்கு முன்பே ஜீப்புகள் புறப்பட்டுவிடும். போடிமெட்டு ஏறி, இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களில் காய் எடுக்கப் போகிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள். மழையிலும் குளிரிலும் நாள் முழுக்கக் குனிந்து வேலை செய்து, இருட்டிய பிறகு வீடு திரும்புகிறவர்கள். உடம்பு வலிக்கும் சளிக்கும் கொஞ்சம் பிராந்தி நல்லது என்ற பேச்சு இந்தப் பக்கம் புதிதல்ல. வீட்டு ஆண்கள் குடிப்பது ஊரறிந்த விஷயம். பெண்கள் குடித்தால் அது வெளியே வராது. வராததால் கர்ப்பிணியிடம் அதைப் பற்றி யாரும் கேட்பதும் இல்லை.

2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 15 வயதுக்கு மேற்பட்ட பெண்களில் மது அருந்துவோர் 1.3 சதவீதம். ஆண்களில் ஏறக்குறைய 19 சதவீதம். பெண்களின் எண்ணிக்கை சிறியதுதான். ஆனால் வீட்டுக்கு வந்த கணக்கெடுப்பாளரிடம், மாமியார் பக்கத்தில் நிற்கும்போது, "ஆமாம், குடிப்பேன்" என்று எத்தனை பெண்கள் சொல்லியிருப்பார்கள் என்பதையும் யோசிக்க வேண்டும்.

குழந்தைக்கு எப்படிப் போய்ச் சேர்கிறது?

தாய் குடிக்கும் மது நஞ்சுக்கொடியைத் தடையில்லாமல் கடக்கிறது. சிறிது நேரத்திலேயே தாயின் ரத்தத்தில் உள்ள அளவுக்கு ஏறக்குறையச் சமமான மது கருவின் ரத்தத்திலும் சேர்ந்துவிடும். தாயின் கல்லீரல் அதை உடைத்து வெளியேற்றும். கருவின் கல்லீரலுக்கு அந்தத் திறன் மிகக் குறைவு. கரு சிறுநீராக வெளியேற்றும் மது பனிக்குட நீரில் கலக்கிறது. அந்த நீரையே கரு மறுபடி விழுங்குகிறது. தாய் தெளிந்த பிறகும் குழந்தை மதுவிலேயே இருப்பது இதனால்தான்.

அளவைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கடையில் விற்கும் பிராந்தியில் மது 42.8 சதவீதம். 30 மில்லியில் சுமார் 10 கிராம் சுத்த மது இருக்கிறது. ஒரு கட்டிங் என்றால் 30 கிராம், ஒரு குவார்ட்டர் என்றால் 60 கிராம். ஒரு மணி நேரத்துக்கு 7 முதல் 10 கிராம்தான் உடம்பு வெளியேற்றும் என்பதால், ஒரு குவார்ட்டர் முழுவதும் இறங்க ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆகும். கருவுக்கு அதைவிடவும் நேரமாகும். பீர் லேசானது என்பதும் தவறான நம்பிக்கை. 8 சதவீத ஸ்ட்ராங் பீர் 650 மில்லி பாட்டிலில் 40 கிராமுக்கு மேல் மது உள்ளது.

கேரள எல்லையில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அரிஷ்டங்களில் நொதித்து உண்டாகும் மது உண்டு. பெரும்பாலும் 5 முதல் 10 சதவீதம் வரை இருக்கும், லேபிளிலும் போட்டிருக்கும். தசமூலாரிஷ்டம் பிரசவத்துக்குப் பிறகு கொடுக்கும் மருந்து. கர்ப்பத்தின்போது பசிக்கு, சளிக்கு, உடம்பு தேற என்று எந்த அரிஷ்டத்தையும் மருத்துவரைக் கேட்காமல் குடிக்கக் கூடாது.

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை: ஒரு கணக்கு

ஏலத்தோட்டத்துக்குப் போகும் ஒரு பெண்ணுக்கு ஜூன் 1-ம் தேதி மாதவிலக்கு வந்ததாக வைத்துக்கொள்வோம். 28 நாள் சுழற்சி என்றால் ஜூன் 15-ஐ ஒட்டிக் கரு உண்டாகும். அடுத்த மாதவிலக்கு ஜூன் 29-ல் வர வேண்டும். வரவில்லை. வேலை அசதியில் இரண்டு மூன்று நாள் தள்ளும் என்று அவர் நினைக்கிறார்.

கருவில் முகத்துக்கும் மூளைக்கும் அடித்தளம் போடப்படும் மூன்றாவது வாரம் இந்தச் சமயத்தில்தான் வருகிறது. ஜூலை 7 வாக்கில் இதயம் துடிக்கத் தொடங்கும். ஜூலை 13 வாக்கில், மூளையும் தண்டுவடமும் உருவாகும் நரம்புக் குழாய் மூடிக்கொள்ளும். அவர் பரிசோதனை அட்டை வாங்கிப் பார்ப்பது ஜூலைக் கடைசியில். கிராம சுகாதார செவிலியரிடம் பெயர் பதிவது ஆகஸ்ட்டில், அதாவது 12 வாரத்துக்குள். நடைமுறைப்படி அவர் சரியான நேரத்தில்தான் பதிந்திருக்கிறார். ஆனால் முகம் உருவாகும் நாட்கள் அதற்குள் முடிந்துவிட்டன.

மூன்றாவது வாரத்தில் அதிக மது போய்ச் சேர்ந்தால், முகமாக உருவாக வேண்டிய செல்கள் செத்துப்போகின்றன. அமெரிக்க ஆராய்ச்சியாளர் கேத்லீன் சுலிக் 1981-ல் எலிகளில் இதைக் காட்டினார். கருவுற்ற பின் குறிப்பிட்ட சில மணி நேரத்துக்கு மட்டும் மது கொடுத்ததில், எலிக் கருக்களிடமும் மனிதக் குழந்தைகளில் காணும் அதே முகமாற்றம் தெரிந்தது.

மூளைக்கு அப்படி ஒரு கெடு கிடையாது. அது ஒன்பது மாதமும் வளர்கிறது. எந்த மாதத்தில் குடித்தாலும் அது பாதிக்கப்படலாம். எந்த மாதத்தில் நிறுத்தினாலும் அதன் பிறகு வரும் வளர்ச்சி காப்பாற்றப்படும்.

பிறந்த பிறகு எப்படித் தெரியும்?

1968-ல் பிரான்சின் நாந்த் நகர மருத்துவர் பால் லெமுவான், குடிப்பழக்கம் உள்ள பெற்றோருக்குப் பிறந்த 127 குழந்தைகளிடம் ஒரே மாதிரியான மாற்றங்களைக் கண்டு எழுதினார். 1973-ல் சியாட்டிலில் கென்னத் ஜோன்ஸ், டேவிட் ஸ்மித் இருவரும் லான்செட் இதழில் அதற்குப் பெயர் கொடுத்தனர்: ஃபீட்டல் ஆல்கஹால் சிண்ட்ரோம். கண் திறப்பு அகலம் குறைவு, மூக்குக்கும் மேலுதட்டுக்கும் இடையிலுள்ள பள்ளம் மழுங்கி இருப்பது, மேலுதடு மெலிந்திருப்பது ஆகிய மூன்றும் அதன் முக அடையாளங்கள். உயரமும் எடையும் குறைந்து, தலைச் சுற்றளவும் சிறிதாக இருக்கலாம்.

இந்த முகம் எல்லாக் குழந்தைக்கும் வராது. பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் பார்க்க சாதாரணமாகவே இருப்பார்கள். அவர்களையும் சேர்த்துச் சொல்லும் பெயர்தான் எஃப்.ஏ.எஸ்.டி. பாதிப்பு அவர்களின் நடத்தையில் தெரியும். நேற்றுச் சொல்லிக்கொடுத்தது இன்று நினைவில் இருக்காது. கணக்கு ஏறாது. மூன்று வேலை சேர்த்துச் சொன்னால் முதலாவதை மட்டும் செய்வார்கள். அடி வாங்கிய அதே தப்பை மறுநாளும் செய்வார்கள், அதன் விளைவை முன்கூட்டி நினைக்க முடியாததால். பள்ளியில் இவர்களுக்குக் கிடைக்கும் பெயர் "சேட்டைக்காரன்", "மண்டு".

இதைக் கண்டுபிடிக்க ரத்தப் பரிசோதனை கிடையாது. ஸ்கேனில் எல்லாருக்கும் தெரியாது. கண்ணை அளவுகோலால் அளந்து, உதட்டைப் படவரிசையுடன் ஒப்பிட்டு, தலையை அளந்து, கற்றல் திறனைச் சோதித்துத்தான் சொல்ல வேண்டும். மூன்று முக அடையாளமும் இல்லாவிட்டால், தாய் குடித்தாரா என்ற தகவல் இல்லாமல் முடிவுக்கு வரவே முடியாது. அதோடு, எடை குறைந்த குழந்தைக்கு ரத்தசோகையும் காரணமாக இருக்கலாம். கர்ப்பத்தில் வலிப்புக்குச் சாப்பிட்ட ஃபெனிடாயின் மாத்திரையும், சில மரபணுக் கோளாறுகளும் ஏறக்குறைய இதே முகத்தைத் தரும். குழந்தை முகத்தைப் பார்த்துவிட்டுத் தாயைக் குடிகாரி என்று பேசுவது மருத்துவரீதியாகவே தவறு.

எல்லாருக்கும் வருமா?

வராது. உலக அளவிலான ஆய்வுகளைத் தொகுத்து 2017-ல் வெளியான மதிப்பீட்டின்படி, கர்ப்பத்தில் குடித்த 13 பெண்களில் ஒருவருக்கு எஃப்.ஏ.எஸ்.டி. உள்ள குழந்தை பிறக்கிறது. ஒரே உட்காரலில் அதிகமாகக் குடிப்பதே மிக ஆபத்தானது. சிறிதளவு மதுவைப் பற்றிய ஆய்வுகள் உறுதியான முடிவு தரவில்லை. இவ்வளவு குடித்தால் ஒன்றும் ஆகாது என்று சொல்லக்கூடிய அளவு எதுவும் கண்டுபிடிக்கப்படவில்லை என்பதால்தான், சொட்டுக்கூட வேண்டாம் என்கிறார்கள்.

தோட்டத் தொழிலாளர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய உதாரணம் தென்னாப்பிரிக்காவின் மேற்குக் கேப் பகுதி. அங்குள்ள திராட்சைத் தோட்டங்களில் கூலியின் ஒரு பகுதியை ஒயினாகவே கொடுக்கும் 'டாப்' முறை தலைமுறை தலைமுறையாக இருந்தது. சட்டம் தடுத்த பிறகும் பழக்கம் போகவில்லை. உலகிலேயே இந்தப் பாதிப்பு மிக அதிகம் பதிவான இடங்களில் அதுவும் ஒன்று. அங்கு நடந்த ஆய்வுகளில் மெலிந்த, போதிய சாப்பாடில்லாத தாய்மார்களின் குழந்தைகளுக்குப் பாதிப்பு கூடுதலாக இருந்தது தெரிந்தது. ஏலமலையில் கூலி மதுவாகத் தரப்படுவதில்லை. ஆனால் ரத்தசோகையும் அரைவயிறும் இங்கேயும் இருக்கின்றன.

இந்தியாவில் இது பற்றிய ஆய்வுகள் குறைவு. நிம்ஹான்ஸ் மனநல மருத்துவர் பிரதிமா மூர்த்தி, ராகவேந்திர நாயக்குடன் சேர்ந்து 2008-ல் இந்தியன் பீடியாட்ரிக்ஸ் இதழில் இதைப் பற்றி விரிவாக எழுதினார். பாட்டிலில் 2018 விதிகளின்படி அச்சிடும் எச்சரிக்கை உடல்நலத்தையும் வண்டி ஓட்டுவதையும் பற்றிப் பேசுகிறதே தவிர, கர்ப்பத்தைப் பற்றிப் பேசவில்லை. பிரான்சில் 2007 முதல் கர்ப்பிணிகளுக்கான எச்சரிக்கை, படமாகவோ வாசகமாகவோ, கட்டாயம்.

இப்போது என்ன செய்யலாம்?

தெரியாமல் குடித்துவிட்டேனே என்று பயப்படும் பெண் இன்றே நிறுத்தலாம். அதற்காகக் கருவைக் கலைக்க வேண்டியதில்லை. செவிலியரிடமோ மருத்துவரிடமோ சொன்னால், தாய்-சேய் அட்டையில் குறித்து, வளர்ச்சியை ஸ்கேனில் கவனிப்பார்கள்.

தினமும் குடிக்கிறவர் மட்டும் வீட்டில் திடீரென்று நிறுத்தக் கூடாது. கைநடுக்கம், வியர்வை, வலிப்பு வரலாம். அது தாய்க்கும் குழந்தைக்கும் ஆபத்து. தேனி க.விலக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற இடத்தில் மருத்துவர் கண்காணிப்பில்தான் நிறுத்த வேண்டும். குடியை வெறுக்கவைக்கும் டைசல்ஃபிராம் மாத்திரையைச் சாப்பாட்டில் கலந்து கொடுப்பது கர்ப்பத்தில் கூடவே கூடாது.

கணவர் குடித்தால் எஃப்.ஏ.எஸ்.டி. வரும் என்று மனிதர்களில் நிரூபணமில்லை. எலிகளில் தந்தையின் குடியும் பாதிக்கும் என்ற முடிவுகள் வந்திருக்கின்றன. அதைவிட நேரடியான விஷயம், அவர் குடிக்கும் வீட்டில் அவள் நிறுத்துவது கடினம் என்பது. இரண்டு பேரும் சேர்ந்து நிறுத்துவதே வழி.

குழந்தையிடம் சந்தேகம் இருந்தால் அங்கன்வாடியிலோ பள்ளிக்கு வரும் சிறார் நல மருத்துவக் குழுவிடமோ சொல்லி, மாவட்ட ஆரம்பகால இடையீட்டு மையத்துக்கு அனுப்பச் சொல்லுங்கள். பாதிப்பைக் குணமாக்க மருந்தில்லை. ஆனால் ஆறு வயதுக்குள் கண்டறிந்து, நிலையான வீட்டில் வளரும் குழந்தைகள் பிற்காலத்தில் நன்றாகச் சமாளிக்கிறார்கள் என்று 1996-ல் ஆன் ஸ்ட்ரைஸ்கத்தின் ஆய்வு காட்டியது. வீட்டிலும் வகுப்பிலும் ஒரு நேரத்தில் ஒரு வேலையை மட்டும் சொல்லுங்கள். தினமும் அதே நேரத்தில் அதே வரிசையில் செய்ய வையுங்கள். படத்தைக் காட்டிச் சொல்லுங்கள். அடிப்பதால் மட்டும் ஒரு பலனும் இல்லை.

கர்ப்பம் தரிக்க நினைக்கும் பெண்ணும், கருத்தடை இல்லாமல் இருக்கும் பெண்ணும் பரிசோதனை அட்டைக்காகக் காத்திருக்காமல் மதுவை விட வேண்டும். தமிழக அரசின் 104, மனநல உதவிக்கான 14416 ஆகிய எண்களில் இலவசமாகப் பேசலாம். கிராம சுகாதார செவிலியர்களுக்கும் அங்கன்வாடிப் பணியாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: முதல் பதிவிலேயே, மாமியாரும் கணவரும் இல்லாத நேரம் பார்த்து, எல்லாக் கர்ப்பிணியிடமும் இந்தக் கேள்வியைக் கேளுங்கள். உலக சுகாதார நிறுவனம் 2014-லேயே சொன்னதும் இதைத்தான்.