ஒரே பக்கம் சாயும் பிழைகள்

காய்ச்சல் கண்டதும் மருத்துவரிடம் போவதற்கு முன்பே பலர் கூகுளில் தேடிப் பார்க்கிறார்கள். அந்தத் தேடல்களை எண்ணினாலே ஃப்ளூ காய்ச்சல் எவ்வளவு பரவியிருக்கிறது என்று சொல்லிவிடலாம் என்ற எண்ணத்தில் 2008-இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்டது ‘கூகுள் ஃப்ளூ டிரெண்ட்ஸ்’. அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி., மருத்துவர்களிடமிருந்து கணக்குத் திரட்டி வெளியிட ஒன்றிரண்டு வாரம் பிடிக்கும். கூகுளின் கணிப்பு அதை முந்திக்கொண்டு வந்தது.

முதல் மாதிரியை உருவாக்கியபோது ஐந்து கோடித் தேடல்களை சி.டி.சி.யின் பழைய கணக்கோடு ஒப்பிட்டு, அதனுடன் சேர்ந்து ஏறி இறங்கிய 45-ஐப் பொறுக்கி எடுத்தார்கள். பழைய கணக்கோடு அது நன்றாகவே பொருந்தியது. ஆனால் 2012-13 குளிர்காலத்தில், ஃப்ளூ அறிகுறிகளோடு மருத்துவரை நாடியவர்களின் விகிதத்தை உண்மையைவிட இரு மடங்குக்கும் மேலாகக் காட்டியது.

இந்த விலகலை முன்கூட்டியே கண்டுபிடித்திருக்க முடியும். டேவிட் லேசரும் உடன் ஆய்வாளர்களும் 2014-இல் ‘சயன்ஸ்’ இதழில் அதைக் காட்டினார்கள். 2011 ஆகஸ்டிலிருந்து எண்ணினால், 108 வாரங்களில் 100 வாரம் கணிப்பு மிகையாகவே இருந்திருக்கிறது.

எந்த மாதிரியும் தவறும். நலமாக இருக்கும் மாதிரி ஒரு வாரம் கூட்டிச் சொல்லும், மறு வாரம் குறைத்துச் சொல்லும், நாணயம் சுண்டுவதுபோல. அப்படி இருந்தால், குறிப்பிட்ட 8 வாரங்களும் தொடர்ந்து மிகையாகவே அமைய 256-இல் ஒரு வாய்ப்புத்தான். ஆகவே உண்மைக் கணக்கு வந்துசேரும் ஒவ்வொரு வாரமும், வித்தியாசத்தைக் கூட்டல் அல்லது கழித்தல் குறியோடு எழுதிவைக்க வேண்டும். பிழை சிறியதாக இருந்தாலும் கூட்டல் குறியே வரிசையாக விழுந்தால் மாதிரி தடம் மாறிவிட்டது என்று சந்தேகிக்கலாம். கூடவே ஓர் எளிய போட்டியாளரையும் நிறுத்திப் பார்க்கலாம். சி.டி.சி.யின் சில வாரப் பழைய கணக்கை வைத்தே செய்த சாதாரணக் கணிப்பு, கூகுளின் கணிப்பைவிட நெருங்கி வந்ததை லேசர் குழு கண்டது.

உண்மைக் கணக்கு வரும்வரை காத்திராமல், உள்ளே வரும் தரவையும் கவனிக்கலாம். பயிற்சிக் காலத்தில் ஒரு தேடல் மொத்தத்தில் எத்தனை பங்கு இருந்தது, இன்று எத்தனை பங்கு என்று பார்ப்பது அது. 2011-இல் கூகுள் தன் தேடுபக்கத்தில் தொடர்புள்ள வேறு தேடல்களையும் பரிந்துரைக்கத் தொடங்கியது. 2012-இல், காய்ச்சல், இருமல் என்று தேடியவர்களுக்கு நோயின் பெயர்களையும் காட்டியது. நோய் கூடாமலே தேடல் கூடியிருக்க இவை காரணமாகலாம் என்கிறது அந்தக் கட்டுரை. ஆனால் உண்மையிலேயே நோய் பரவினாலும் அதே தேடல்கள்தான் பெருகும். எனவே தரவு மாறியிருப்பது மாதிரி தவறியதற்குச் சான்றாகாது. அந்த வாரத்தின் உண்மைக் கணக்கு வந்தபின் பிழையின் குறியைப் பார்த்துத்தான் தீர்மானிக்க வேண்டும்.

2015 ஆகஸ்டில் கூகுள் இந்தக் கணிப்பை வெளியிடுவதை நிறுத்திக்கொண்டது. தேடுபவர்களின் பழக்கம் மாறிக்கொண்டே இருந்தது; அதை மாற்றியதில் கூகுளின் தேடுபக்கத்துக்கும் பங்கு இருந்தது.